கோட்டுக்குக் கீழே யார்?

பாலக்காட்டுக் கணவாயின் வழியே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கேரளத்துக்குள் போகிறவர்களுக்குக் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்ற ஊர்கள் முதலில் வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம் அது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் பேசுகிற மக்கள் வாழும் இடம். கேரளம் என்றதும் மனதில் எழும் மழையும் பசுமையும் இந்தப் பகுதிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இது மழை மறைவுப் பகுதி. திறந்த கிணறுகள் கோடையில் வறண்டுவிடுவதால் ஆழ்துளைக் கிணறுகளை நம்ப வேண்டியிருக்கிறது. ஆழத்தில் பாறைகளோடு நெடுங்காலம் உறவாடிக் கிடக்கும் நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இங்கே சில கிணறுகளில் அளவு அதையும் தாண்டியிருக்கிறது.

இதன் விளைவு குழந்தைகளின் பல்லில் தெரியும். முதலில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடுகள், கூடுதலானால் மஞ்சளும் பழுப்புமான கறை, இன்னும் கூடினால் எனாமலில் சிறு குழிகள். இந்த ஊர்களில் ஒரு சுகாதார ஊழியர் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "நூற்றுக்கு முப்பத்து மூன்று" என்று எழுதிக் கொண்டுவந்தால், அந்த முப்பத்து மூன்று என்ன சொல்கிறது?

பொதுச் சுகாதாரப் பயிற்சி வகுப்புகளில் இதற்கு மூன்று ஸ்லைடுகள் காட்டுவார்கள். இன்சிடென்ஸ் என்ற நிகழ்வு வீதம்: ஒரு குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் கண்டவர்களை, நோய் வர வாய்ப்புள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பிரிவலன்ஸ் என்ற இருப்பு விகிதம்: ஒரு நாளில் நோயோடு இருப்பவர்களை, அன்று அங்கே இருக்கும் மொத்தப் பேரால் வகுக்க வேண்டும். ரிஸ்க் ரேஷியோ என்ற இடர் விகிதம்: ஒரு காரணத்துக்கு ஆட்பட்டவர்களிடம் நோய் வந்த பங்கை, ஆட்படாதவர்களிடம் வந்த பங்கால் வகுக்க வேண்டும். மூன்றுமே ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் தேர்ந்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். விழும் இடம் பெரும்பாலும் பின்னத்தின் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே உள்ள நோயாளிகளை எல்லோரும் கவனமாக எண்ணுவார்கள். கீழே யார், எத்தனை காலம் என்பதைப் பலர் கேட்பதில்லை.

எண்களைச் சிறிதாக வைத்துக்கொள்ள ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். அது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊருக்கு நான் தரும் எண்கள் எதுவும் கணக்கெடுப்பில் வந்தவை அல்ல, விளக்கத்துக்காக வைத்தவை. ஊரில் 8 முதல் 15 வயது வரை 200 பிள்ளைகள். வடக்குத் தெருவில் 80 பேர், அவர்கள் குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீர். தெற்குத் தெருவில் 120 பேர், அவர்களுக்கு ஆற்றுநீர் குழாயில் வருகிறது. வடக்கில் 48 பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. தெற்கில் 18 பேருக்கு.

ஊர் முழுவதற்கும் சேர்த்தால் 200க்கு 66, அதாவது 33 சதவீதம். இது இருப்பு விகிதம். ஊரின் பல்லை ஒரே நாளில் எடுத்த படம். பல் மருத்துவருக்கு எவ்வளவு வேலை இருக்கிறது, எத்தனை பிள்ளைகள் சிரிக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று தெரிய இந்த எண் போதும். காரணத்தைத் தேடுகிறவருக்கு இது போதாது.

அந்த 66ஐயே முதலில் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். பல் கறையை அளக்க அமெரிக்கப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் வகுத்த அளவுகோல்தான் இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதில் இயல்பு, மிக லேசு, லேசு, நடுத்தரம், கடுமை என்ற படிகளுக்கு நடுவே, இயல்புக்கும் மிக லேசுக்கும் இடையில், "ஐயத்துக்குரியது" என்று ஒரு படி உண்டு. நம் ஊரில் இன்னும் 22 பிள்ளைகள் அந்தப் படியில் இருக்கிறார்கள் என்றால், அவர்களையும் நோயாளிகளாகச் சேர்த்தவர் 88 என்று எழுதுவார், இருப்பு 44 சதவீதம் ஆகிவிடும். ஊரும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. எனவே இரண்டு ஊர்களின் எண்களை ஒப்பிடுமுன் இருவரும் எந்தப் படியிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று கேட்டாக வேண்டும். வெற்றிலை, புகையிலைக் கறையும் சொத்தையும் கூட இந்தக் கணக்கில் புகுந்துவிடும். ஃபுளோரைடின் கறை வாயின் இருபுறமும் ஒரே சோடிப் பற்களில் ஒத்த அளவில் இருக்கும். எனாமலுக்குள்ளேயே இருப்பதால் தேய்த்தால் போகாது. பரிசோதிப்பவர் இதை அறிந்திருந்தால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

இப்போது இரண்டு தெருக்களையும் ஒப்பிடலாம். வடக்கில் 80க்கு 48, அதாவது 60 சதவீதம். தெற்கில் 120க்கு 18, அதாவது 15 சதவீதம். அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் 4. ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்த தெருவில் கறை நான்கு மடங்கு.

இந்த நான்கை இடர் விகிதம் என்று சொல்லலாமா? கறாராகப் பார்த்தால் இது இரண்டு இருப்பு விகிதங்களின் விகிதம். இடர் விகிதம் என்று சொல்ல, நோயற்ற நிலையிலிருந்து தொடங்கி, ஒரு கால அளவுக்குள் யாருக்கெல்லாம் நோய் புதிதாக வந்தது என்று பார்த்திருக்க வேண்டும். காய்ச்சலுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பல் கறை விஷயத்தில் அது ஏறக்குறைய மறைந்துவிடுவதைத்தான் நான் சுவையான செய்தியாகக் கருதுகிறேன்.

எனாமல் உருவாகும் பருவத்தில் மட்டுமே ஃபுளோரைடு அதைக் கெடுக்க முடியும். முன்பற்களின் எனாமல் நான்கு, ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கு எட்டு வயது எல்லை. அதற்குப் பின் எவ்வளவு ஃபுளோரைடு நீர் குடித்தாலும் பல்லில் புதிதாக இந்தக் கறை வராது. வந்த கறை தானாகப் போகவும் போகாது. அதனால் யாரும் சாவதில்லை. அப்படியானால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை இன்று பார்க்கிறபோது, பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை அவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு நேர்ந்ததோ அத்தனையும் அழியாமல் பல்லிலேயே எழுதியிருக்கிறது. வேறு நோய்களில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சேர்க்க வேண்டிய நிகழ்வுக் கணக்கு இங்கே ஒரே பார்வையில் கிடைக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை அந்த எட்டு ஆண்டுகளும் அந்த ஊரிலேயே இருந்திருக்க வேண்டும். எல்லை ஊர்களில் இந்த நிபந்தனைதான் அடிக்கடி உடைகிறது. கல்யாணம், கூலி வேலை, பள்ளிக்கூடம் என்று பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் இடையே குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. நம் வடக்குத் தெருவின் 80 பிள்ளைகளில் 20 பேர் எட்டு வயது ஆன பிறகே அங்கே குடிவந்தவர்கள் என்று வைப்போம். பல் உருவானபோது அவர்கள் குடித்தது வேறு ஊர் நீர். அவர்களில் யாருக்கும் கறை இல்லை. இன்று அதே ஆழ்துளைக் கிணற்றில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஆனாலும் இந்த நோய்க்கு அவர்கள் வாய்ப்புள்ளவர்கள் பட்டியலிலேயே இல்லை. அவர்களை நீக்கினால் கோட்டுக்குக் கீழே 60தான் மிஞ்சும். 60க்கு 48 என்றால் 80 சதவீதம். தெற்கின் 15 சதவீதத்தோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்குக்கு மேல். நோயாளிகளில் ஒருவர்கூட கூடவில்லை, கீழே இருந்தவர்களைச் சரியாக அடையாளம் கண்டதிலேயே காரணத்தின் வலிமை நான்கிலிருந்து ஐந்துக்கு மேல் ஏறிவிட்டது. "எந்தத் தண்ணீர் குடிக்கிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்ட ஆய்வுக்கு நான்கு கிடைக்கும். "எட்டு வயது வரை எங்கே இருந்தான், அப்போது எந்தத் தண்ணீர்?" என்று தாயிடம் கேட்ட ஆய்வுக்கு ஐந்துக்கு மேல் கிடைக்கும்.

குடிவந்தவர்களை நீக்காத முதல் எண்களிலிருந்து சில ஸ்லைடுகள் வேறோர் எண்ணை எடுத்துக் காட்டும். வடக்கில் கறை உள்ளவர் 48, இல்லாதவர் 32. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.5. தெற்கில் 18ஐ 102ஆல் வகுத்தால் 0.176. இவற்றை ஒன்றால் ஒன்று வகுத்தால் 8.5. இதற்கு ஆட்ஸ் ரேஷியோ என்று பெயர். நோயாளிகளை முதலில் பிடித்து, பிறகு காரணத்தைத் தேடிப் போகும் ஆய்வுகளில் கோட்டுக்குக் கீழே வைக்க மொத்த மக்கள்தொகை கிடைப்பதில்லை, அங்கே இது தவிர வழியில்லை. நோய் அரிதாக இருந்தால் இந்த எண்ணும் இடர் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். நம் ஊரைப்போல் மூன்றில் ஒருவருக்கு நோய் இருக்கும் இடத்தில் இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். 8.5 என்பதை "எட்டரை மடங்கு ஆபத்து" என்று செய்தித்தாள் எழுதினால் அது தவறு. அதே ஊரில், அதே பிள்ளைகளிடம் ஆபத்து நான்கு மடங்குதான்.

சரி, ஊரார் போராடி, வடக்குத் தெருவின் ஆழ்துளைக் கிணற்றை மூடி ஆற்றுநீரைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் பள்ளிக்கூடத்தில் கணக்கெடுப்பு. இருப்பு விகிதம் அசையவே இல்லை, அதே 33 சதவீதம். "இவ்வளவு செலவழித்தும் பலனில்லை" என்று யாராவது கூட்டத்தில் எழுந்து சொல்வது உறுதி.

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். வாய்க்காலில் வந்து விழும் நீர் நிகழ்வு வீதம். ஏரியில் தேங்கி நிற்பது இருப்பு. மதகு வழியே வெளியேறுவது குணமும் மரணமும் இடம்பெயர்வும். வாய்க்காலை அடைத்த மறுநாளே ஏரி வற்றிவிடாது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது வற்றும். கணக்காகச் சொன்னால், நிலைமை ஒரே சீராக இருக்கும்போது, அரிதான நோய்க்கு இருப்பு என்பது நிகழ்வு வீதத்தை நோய் நீடிக்கும் சராசரிக் காலத்தால் பெருக்கியதற்கு ஏறக்குறைய சமம்.

பல் கறைக்கு மதகே கிடையாது. பிள்ளை பதினைந்து வயதைக் கடந்து கணக்கெடுப்பிலிருந்து வெளியே போகும்போதுதான் எண் குறையும். கிணற்றை மூடியபோது ஏழு வயதாக இருந்தவனின் முன்பல் அதற்கு முன்பே கெட்டு முடிந்திருந்தது, அடுத்த ஆண்டு எட்டு வயதுக்காரனாக அவன் கறையோடுதான் கணக்கில் சேருகிறான். முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வந்து சேரும் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான். பிறகு வருகிறவர்களிடம் கறை மெல்ல லேசாகும். கிணறு மூடிய பிறகு பிறந்த குழந்தை எட்டு வயதைத் தொட எட்டு ஆண்டுகள் ஆக வேண்டும். எட்டு முதல் பதினைந்து வரை எல்லோருமே புது நீரில் வளர்ந்தவர்களாக இருக்கப் பதினைந்து, பதினாறு ஆண்டுகள் ஆகும். ஆகவே திட்டம் பலித்ததா என்று பார்க்க விரும்புகிறவர் மொத்த இருப்பு விகிதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் எட்டு வயதுப் பிள்ளைகளை மட்டும் தனியாக எண்ண வேண்டும். அந்த வயதுக்காரர்களிடம் கறை குறையத் தொடங்கினால் வாய்க்கால் அடைபட்டது உறுதியாகும். இந்த ஓர் ஏற்பாடு முன்கூட்டியே இல்லாததால் நல்ல குடிநீர்த் திட்டம்கூட தோற்றதுபோல் தெரியக்கூடும்.

இருப்பு விகிதம் உயர்வது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். அதே பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய அட்டப்பாடியில், இருளர், முதுகர், குறும்பர் மக்களிடையே அரிவாள் செல் சோகை என்ற பிறவி நோய் இருக்கிறது. இது கருவிலேயே தீர்மானமாகிவிடும். ஆகவே இதற்கு நிகழ்வு வீதம் என்றால் பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு என்பது மட்டுமே. சிகிச்சை மேம்பட்டு, குழந்தைகள் இறக்காமல் வளர்ந்து பெரியவர்களானால், ஊரில் அந்நோயோடு வாழ்பவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். பிறப்பில் வரும் பங்கு மாறாமல் இருப்பு மட்டும் உயர்ந்தால், நோயாளிகள் முன்னைவிட நீண்ட நாள் உயிர் வாழ்கிறார்கள் என்பது ஒரு சாத்தியமான விளக்கம். இதை ஒரே வரைபடத்தில் பார்த்துவிட்டு நோய் பெருகுகிறது என்று சொல்வது அநியாயம்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் காய்ச்சல்கள் இருக்கின்றன. 600 பேர் உள்ள ஓர் ஊரில் ஆண்டுக்கு 36 பேருக்கு ஒரு காய்ச்சல் வருகிறது, ஒவ்வொருவருக்கும் பத்து நாள் நீடிக்கிறது என்றால், மொத்தம் 360 காய்ச்சல் நாட்கள். ஆண்டின் எந்த ஒரு நாளில் போய்ப் பார்த்தாலும் சராசரியாக ஒருவர்தான் படுத்திருப்பார். ஒருநாள் கணக்கெடுப்பில் ஊர் ஆரோக்கியமாகத் தெரியும். ஆண்டு முழுவதும் பதிவேடு வைத்திருந்தால் மட்டுமே அந்த 36 பேரும் தெரிவார்கள். நீடிக்காத நோய்க்கு இருப்பு விகிதம் பயனற்றது, நிகழ்வு வீதமே கணக்கு. நிகழ்வு வீதத்துக்கு வரும்போது கோட்டுக்குக் கீழே ஆட்களோடு காலமும் வந்து உட்காரும். அதன் முழுச் சிக்கலையும் பார்க்க இடுக்கிக்குப் போக வேண்டும்.

தேனி மாவட்டத்திலிருந்து மலைக்கு ஏற கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று வழிகள் இருக்கின்றன. கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போய், மாலையில் கீழே இறங்கி வீடு திரும்பும் பெண்களும் ஆண்களும் ஏராளம். இன்னொரு பக்கம் தோட்டத்து லயங்களிலேயே குடியிருக்கும் குடும்பங்கள். இரு சாராரும் மழையில் நனைந்த அதே மண்ணில் வேலை செய்கிறார்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் வழியே பரவுகிற எலிக்காய்ச்சல் யாருக்கு அதிகம்?

மறுபடியும் ஒரு கற்பனைத் தோட்டம். லயத்தில் 50 தொழிலாளர்கள். கீழேயிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் 150 பேர். தோட்டத்துக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஓராண்டில் லயத்துக்காரர் 6 பேருக்கும் ஜீப்பில் வருகிறவர் 3 பேருக்கும் எலிக்காய்ச்சல். ஐம்பதுக்கு ஆறு 12 சதவீதம். நூற்றைம்பதுக்கு மூன்று 2 சதவீதம். இடர் விகிதம் 6. லயத்தில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்ட இதுவே போதும் என்று தோன்றும்.

ஆனால் ஜீப்பில் வருகிறவர்கள் ஏலக்காய் எடுப்புக் காலத்தில் நான்கு மாதம் மட்டுமே வருகிறார்கள். லயத்துக்காரர்கள் பன்னிரண்டு மாதமும் அங்கேயே. ஆபத்தில் இருந்த காலத்தை ஆளையும் மாதத்தையும் பெருக்கி அளந்தால், லயத்தில் 50 பேர் 12 மாதம், ஆக 600 ஆள்மாதங்கள். ஜீப்பில் வருகிறவர்கள் 150 பேர் 4 மாதம், அதுவும் 600 ஆள்மாதங்கள். ஆறுக்கு மூன்று. விகிதம் ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது.

அதோடும் முடியவில்லை. எலிக்காய்ச்சலின் கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் ஆகும். சில வேளை இரண்டு நாளிலும் வரும், ஒரு மாதம்கூட ஆகும். காய்ச்சல் வந்த அன்று ஒரு பெண் ஜீப்பில் ஏறப் போவதில்லை. கம்பத்திலோ போடியிலோ உள்ள மருத்துவமனைக்குத்தான் போவாள். அவள் பெயர் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும், மலையில் வேலை செய்தவள் என்ற செய்தி அதில் ஏறாமலே போகலாம். நம் தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிறவர்களில் இன்னும் மூன்று பேர் இப்படிக் கீழே சிகிச்சை பெற்றிருந்தால் அவர்கள் கணக்கும் ஆறு ஆகிறது. 600 ஆள்மாதத்துக்கு ஆறு, 600 ஆள்மாதத்துக்கு ஆறு. விகிதம் 1. லயத்துக்கும் ஜீப்புக்கும் வேறுபாடே இல்லை, ஆபத்து வேலையிடத்து மண்ணில் இருக்கிறது. ஆறு என்ற எண் லயத்து எலிகளைத் தேடச் சொன்னது. ஒன்று என்ற எண் எல்லோர் காலுக்கும் பூட்ஸும் கைக்கு உறையும் கேட்கிறது.

வேலை நேரம் மட்டுமே ஆபத்து என்றால் மாதத்துக்குப் பதில் வேலை மணிகளை எண்ணலாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் நியாயமே. மேலே எண்ணுவதிலும் கவனம் வேண்டும். காய்ச்சலின் முதல் சில நாட்களில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாகியிருக்காது, அதனால் பரிசோதனையில் இல்லை என்று வரலாம். கேரளச் சுகாதாரத் துறையின் அன்றாடப் பட்டியலில் எலிக்காய்ச்சல் உறுதியானது, ஐயத்துக்குரியது என்று இரண்டாகப் பிரித்தே வரும். இந்த ஆண்டின் இரண்டையும் கூட்டி, போன ஆண்டின் உறுதியானதோடு மட்டும் ஒப்பிட்டுப் பயந்துபோவதைத் தவிர்க்க வேண்டும்.

எலிக்காய்ச்சலைத் தடுக்க ஆபத்தான வேலையில் இருப்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பது கேரளத்தில் மழைக்கால வழக்கம். வெள்ளத்துக்குப் பின் 2018இல் இது பெரிய அளவில் நடந்தது. இந்த மாத்திரையின் பலனைச் சோதித்த ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே வடக்கு அந்தமானில் நடந்தது. போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக மையத்தைச் சேர்ந்தவர்கள் செய்து 2000இல் வெளியிட்டார்கள். 782 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். 386 பேருக்கு டாக்சிசைக்ளின், 396 பேருக்கு மருந்தில்லா மாத்திரை. காய்ச்சலாக நோய் வெளிப்பட்டது முதல் கூட்டத்தில் 3.11 சதவீதம், இரண்டாம் கூட்டத்தில் 6.82 சதவீதம்.

3.11ஐ 6.82ஆல் வகுத்தால் 0.46. மருந்து ஆபத்தைப் பாதிக்கும் கீழே இறக்கியது. இங்கே இடர் விகிதம் ஒன்றுக்குக் கீழே வருவதால் பாதுகாப்பு என்று பொருள். கூடவே இன்னொரு செய்தி இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கிருமி தொற்றிய அடையாளம் இரு கூட்டத்திலும் பெரிய வேறுபாடின்றி இருந்தது. மாத்திரை கிருமியை உள்ளே வராமல் தடுக்கவில்லை, வந்த கிருமி நோயாக வெடிப்பதைக் குறைத்தது. கோட்டுக்கு மேலே தொற்றை வைத்தால் மருந்து வீண் என்று வரும், காய்ச்சலை வைத்தால் பலன் தெரியும். ஒரே ஆய்வு, ஒரே மக்கள்.

சதவீதங்களைத் திரும்ப ஆட்களாக மாற்றிப் பார்த்தால், 386 பேரில் 12 பேர், 396 பேரில் 27 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கு இடம் உண்டு. வழக்கமான சூத்திரத்தில் போட்டால், உண்மையான இடர் விகிதம் 0.23க்கும் 0.89க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று வருகிறது. ஒருபக்கம் நான்கில் மூன்று பங்கு ஆபத்து நீங்கும், மறுபக்கம் ஒன்பதில் ஒரு பங்குதான் நீங்கும். ஒன்றைத் தாண்டவில்லை என்பதால் பலன் இருக்கிறது என்று நம்பலாம், எவ்வளவு என்பதில்தான் இத்தனை இடைவெளி. 782 பேருக்கே இப்படி என்றால், நாற்பது வீட்டுக்காரர் கொண்ட ஒரு தெருவில் இரண்டு காய்ச்சலும் எதிர்த் தெருவில் ஒன்றும் வந்ததை வைத்து "இரு மடங்கு ஆபத்து" என்று எழுதுவதில் பொருளே இல்லை.

வகுப்பதை விட்டுக் கழித்துப் பார்ப்போம். 6.82லிருந்து 3.11 போனால் 3.71. நூறு பேருக்கு மாத்திரை கொடுத்தால் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் காய்ச்சலிலிருந்து தப்புகிறார்கள். ஒருவரைக் காப்பாற்ற 27 பேருக்குக் கொடுக்க வேண்டும். அந்தமானில் அந்தப் பருவத்தில் அந்த ஊர்களில் நோய் அவ்வளவு மிகுந்திருந்ததால் கிடைத்த எண் இது. நூற்றுக்கு ஒருவருக்கு மட்டுமே எலிக்காய்ச்சல் வருகிற ஒரு தோட்டத்தில் அதே மாத்திரை, அதே 0.46 என்று வைத்துக்கொண்டாலும், ஆபத்து 1 சதவீதத்திலிருந்து 0.46க்குத்தான் இறங்கும். ஒருவரைக் காப்பாற்ற ஏறத்தாழ 185 பேர் வாராவாரம் மாத்திரை விழுங்க வேண்டும். அவர்களில் சிலருக்கு வயிறு எரியும், சிலர் நடுவில் விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வழக்கமாக இந்த மருந்தைக் கொடுப்பதில்லை.

ஆகவே இருக்கிற மாத்திரையை எந்தத் தோட்டத்துக்கு முதலில் அனுப்புவது என்ற கேள்விக்கு 0.46 விடை சொல்லாது. அது எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதான். மாத்திரை இல்லாமல் அங்கே எத்தனை பேருக்கு, எத்தனை ஆள்மாதத்தில் நோய் வருகிறது என்ற அடிப்படை நிகழ்வு வீதம்தான் விடை சொல்லும். அந்த வீதமோ கம்பம் மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பெண்ணிடம், எந்தத் தோட்டத்தில் வேலை, எத்தனை நாளாக என்று ஒருவர் கேட்டு எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தது. எழுதாவிட்டால் அவள் வேலை செய்த தோட்டத்தின் வீதம் காகிதத்தில் குறைந்து தெரியும், மாத்திரை வேறொரு தோட்டத்துக்குப் போகும்.